குன்னூரை எத்தனை மணிக்குத் தாண்டுகிறீர்கள்? மே மாத ஊட்டிப் பயணத்தின் நேரக் கணக்கு

கேள்வி: மே மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை இரவு சென்னையிலிருந்து சொந்தக் காரில் ஊட்டி போகிறோம். நான், மனைவி, ஆறு வயது மகள், என் அம்மா. போன வருடம் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி போய்ச் சேரவே ஆறு மணி நேரம் ஆகிவிட்டது. மகள் வாந்தி எடுத்து ஓய்ந்துபோனாள். இந்த முறை எத்தனை மணிக்கு மலை ஏறினால் சரியாக இருக்கும்? கோத்தகிரி வழியாகப் போனால் தப்பிக்கலாமா? சேரிங் கிராஸ் பக்கம் ரூம் போட்டிருக்கிறோம். ஞாயிறு திரும்ப வேண்டும்.

பதில்:

நான் மேட்டுப்பாளையத்தில் பதினேழு வருடங்களாக டூரிஸ்ட் வண்டி ஓட்டுகிறேன். மே மாதம் வந்தால் இந்த மலையில் தினம் ஒரு முறையாவது ஏறி இறங்குவேன். அதனால் உங்களைப் போன ஆண்டு ஆறு மணி நேரம் நிறுத்தி வைத்தது எது என்பதிலிருந்து தொடங்குகிறேன். அது தெரிந்தால் நேரத்தை நீங்களே குறித்துக்கொள்ளலாம்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஊட்டி ஐம்பது கிலோமீட்டரைவிடச் சற்று அதிகம். வண்டி இல்லாத நாளில் நிதானமாக ஓட்டினாலும் இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். நெரிசல் என்றதும் எல்லோரும் கொண்டை ஊசி வளைவுகளைத்தான் குறை சொல்கிறார்கள். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே இருக்கிற பதினான்கு வளைவுகளில் பஸ் திரும்பும்போது மற்ற வண்டிகள் நிற்கத்தான் வேண்டும். ஆனால் அந்த நிறுத்தம் ஒவ்வொன்றும் அரை நிமிடம், ஒரு நிமிடம்தான். மணிக்கணக்கில் நிற்பது மலைப்பாதையால் அல்ல, அது போய்ச் சேருகிற ஊர்களால். குன்னூர் பஸ் ஸ்டாண்டைச் சுற்றிய அந்தக் குறுகிய இடம் ஒன்று, ஊட்டிக்குள் நுழைந்து சேரிங் கிராஸ் வரையிலான தூரம் இன்னொன்று. இந்த இரண்டு இடங்களிலும் வண்டி வெளியேறும் வேகத்தைவிட உள்ளே வரும் வேகம் கூடியதும் வரிசை பின்னால் வளரத் தொடங்கும். குன்னூரில் பதினோரு மணிக்கு அடைத்துக்கொண்டால் வரிசையின் வால் காட்டேரியைத் தாண்டிக் கீழே இறங்கி வந்துவிடும். வளைவில் நிற்கிற உங்களுக்கு வளைவுதான் காரணம் என்று தோன்றும். அடைப்பு இருப்பது அஞ்சாறு கிலோமீட்டர் மேலே.

குன்னூரில் இன்னொன்றும் உண்டு. ரயில்வே ஸ்டேஷன் பக்கத்திலேயே மலை ரயிலுக்கான கேட் இருக்கிறது. மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்குப் புறப்படும் மலை ரயில் பத்து, பத்தரை வாக்கில் குன்னூர் வந்து சேரும். நெரிசல் கட்டிக்கொண்டிருக்கிற அதே நேரத்தில் கேட் மூடினால், அது திறந்த பிறகும் தேங்கிய வண்டிகள் கரைய வெகுநேரம் ஆகும்.

ஆகவே எத்தனை மணிக்கு மலை ஏறுவது என்று யோசிக்காதீர்கள். குன்னூரை எத்தனை மணிக்குத் தாண்டுவது என்று வைத்துக்கொண்டு பின்னோக்கி எண்ணுங்கள்.

மே மாத சனிக்கிழமை ஒன்றில் யார் யார் எப்போது மேலே வருகிறார்கள் என்று பாருங்கள். முதல் அலை, சென்னை, பெங்களூர், மதுரைப் பக்கமிருந்து இரவு முழுக்க ஓட்டி வருகிறவர்கள். இவர்கள் ஐந்து முதல் ஏழு மணிக்குள் மேட்டுப்பாளையம் வந்துவிடுவார்கள். ஆனால் பெரும்பாலோர் இங்கே இறங்கி முகம் கழுவி, டிபன் சாப்பிட்டுவிட்டு ஏழு, ஏழரைக்குத்தான் ஏறத் தொடங்குவார்கள். இரண்டாவது, சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் வருகிறவர்கள். ரயில் ஆறேகால் வாக்கில் வரும், அவர்களை ஏற்றிக்கொண்டு எங்களைப் போன்றவர்களின் வண்டிகள் ஆறரை முதல் ஏழுக்குள் கிளம்பும். மூன்றாவது அலைதான் பெரியது. கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சிக்காரர்கள் ஒரே நாளில் போய்த் திரும்பக் காலை ஆறரை, ஏழுக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, எட்டு முதல் பத்துக்குள் இங்கே வந்து குவிவார்கள். மூன்றும் குன்னூரில் ஒன்றாகச் சேரும் நேரம் ஒன்பது முதல் ஒரு மணி வரை. போன வருடம் நீங்கள் எட்டரை, ஒன்பதுக்கு மேட்டுப்பாளையத்தைத் தாண்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

நீங்கள் குன்னூரை ஏழு மணிக்குள் தாண்ட வேண்டும். ஏழரை வரை பரவாயில்லை. எட்டு என்றால் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. கல்லாறு செக்போஸ்டிலிருந்து குன்னூர் நிதானமான ஏற்றத்தில் ஒரு மணி நேரம், குழந்தைக்காக ஒரு முறை நிறுத்தினால் ஒன்றேகால். செக்போஸ்டில் இ-பாஸ் பார்க்க, பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று பார்க்க, ஒரு பத்து நிமிடம். அப்படியென்றால் ஐந்தரைக்குக் கல்லாறில் இருக்க வேண்டும், ஐந்து மணிக்கு மேட்டுப்பாளையம் பவானி ஆற்றுப் பாலத்தைத் தாண்டியிருக்க வேண்டும். மே மாதத்தில் இங்கே ஆறு மணி வாக்கில் சூரியன் உதிக்கும், ஐந்தரைக்கே வெளிச்சம் வரத் தொடங்கிவிடும். அதனால் வளைவுகளில் ஏறும்போது இருட்டு இருக்காது.

அதற்கும் முன்னால், மூன்று மணிக்கே ஏறிவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். நான் ஏற்றிக்கொண்டு போவதில்லை. மே, ஜூனில் பலாப்பழம் பழுக்கும். கல்லாறு, பர்லியார், கோத்தகிரிச் சாலையில் குஞ்சப்பனைப் பக்கமெல்லாம் பழத்துக்காக யானை வரும். இருட்டில் வளைவு திரும்பியதும் எதிரே யானை நின்றால் பின்னால் எடுக்கக்கூட இடம் இருக்காது. விடிந்த பிறகும் வரும்தான், ஆனால் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும்.

இப்போது உங்கள் உண்மையான சிக்கலுக்கு வருகிறேன். ஐந்து மணிக்குப் பாலத்தைத் தாண்ட வேண்டும் என்றால், சென்னையிலிருந்து இங்கே ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது, சாப்பாடு, டீ எல்லாம் சேர்த்து ஒன்பது, பத்து மணி நேரம். வெள்ளி இரவு ஏழரைக்குக் கிளம்பினால் கணக்கு சரியாக வரும். ஆனால் அப்படிச் செய்யாதீர்கள் என்றுதான் சொல்வேன். இரவு முழுக்க நான்கு வழிச்சாலையில் ஓட்டிய கண், விடிகாலை நேரத்தில்தான் அதிகமாகச் சொக்கும். அந்த நேரத்தில்தான் நீங்கள் மலையில் கால் வைக்கிறீர்கள். வண்டியில் ஓட்டுவதற்கு இன்னொருவர் இருந்து, அவர் பின் சீட்டில் உண்மையாகவே தூங்கி வந்திருந்தால் மட்டும் அது சரி.

வெள்ளிக்கிழமை மதியம் அரை நாள் விடுப்புப் போடுங்கள். ஒரு மணிக்குச் சென்னையை விட்டால் சேலம், பவானி, பெருந்துறை வழியாக அவிநாசி வந்து, அங்கே கோவைக்குப் போகாமல் அன்னூர் சாலையில் திரும்புங்கள். அவிநாசியிலிருந்து அன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் நாற்பது கிலோமீட்டருக்குள்தான். கோவை நகரத்துக்குள் போய் மேட்டுப்பாளையம் சாலையைப் பிடிக்கிறவர்கள் இந்த ஒரு திருப்பத்திலேயே ஒரு மணி நேரத்தை இழக்கிறார்கள். இரவு பத்து, பதினொன்றுக்கு மேட்டுப்பாளையத்தில் சாதாரண லாட்ஜில் படுத்துவிடுங்கள். அம்மாவும் குழந்தையும் நீட்டிப் படுத்து ஐந்து மணி நேரம் தூங்குவார்கள். காலை நாலரைக்கு எழுந்து, டீ மட்டும் குடித்துவிட்டுக் கிளம்புங்கள். டிபனை மேலே போய்ச் சாப்பிடலாம். வாந்தி எடுக்கிற குழந்தைக்கு வெறும் வயிறும் ஆகாது, நிறைந்த வயிறும் ஆகாது. இரண்டு பிஸ்கட், ஒரு இட்லி போதும்.

விடுப்பே கிடைக்காது என்றால் இரண்டாவது நல்ல நேரம் ஒன்று இருக்கிறது. சனிக்கிழமை அதிகாலை நாலு மணிக்குச் சென்னையிலிருந்து கிளம்பி, மதியம் ஒன்றரைக்கு மேட்டுப்பாளையம் வந்து சாப்பிட்டுவிட்டு, இரண்டரைக்கு மேல் ஏறுங்கள். காலை வந்த கூட்டம் அதற்குள் ஊட்டிக்குள் போய் அடங்கியிருக்கும், குன்னூர் கொஞ்சம் மூச்சு விட்டிருக்கும். விடிகாலை அளவுக்குச் சுலபமாக இருக்காது. மே மாத மதியத்தில் கோடை மழை கொட்டும், மழை நின்றால் பனிமூட்டம் இறங்கும், சில நாள் மரமும் விழும். ஊட்டிக்குள் நீங்கள் நுழையும் நேரமும் சேரிங் கிராஸ் நிரம்பி வழியும் மாலை நேரமாக இருக்கும். ஆனாலும் காலை ஒன்பதுக்கு ஏறுவதைவிட இது எவ்வளவோ மேல்.

அடுத்து, கோத்தகிரி. சாதாரண நாளில் கேட்டிருந்தால் தயங்காமல் ஆமாம் என்றிருப்பேன். பவானிப் பாலத்தைத் தாண்டியதும் இடது பக்கம் குன்னூர், வலது பக்கம் கோத்தகிரி என்று சாலை பிரியும். கோத்தகிரி வழி பன்னிரண்டு, பதிமூன்று கிலோமீட்டர் கூடுதல். ஆனால் கொண்டை ஊசி வளைவுகள் குறைவு, ஏற்றமும் மெதுவானது. வாந்தி எடுக்கிற குழந்தைக்கு அதுதான் நல்ல வழி. நடுவில் குன்னூர் பஸ் ஸ்டாண்டும் கிடையாது.

மே மாதத்தில் இந்தத் தேர்வு பெரும்பாலும் உங்கள் கையில் இருக்காது. சீசனுக்கு மாவட்ட நிர்வாகமும் போலீசும் சேர்ந்து இரண்டு சாலைகளையும் ஒருவழியாக்கிவிடுவார்கள். வழக்கமாக மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறுகிற சுற்றுலா வண்டிகள் குன்னூர் வழியாகவும், ஊட்டியிலிருந்து இறங்குகிறவை கோத்தகிரி வழியாகவும் போக வேண்டும். கனரக வண்டிகளுக்கும் பகலில் கட்டுப்பாடு இருக்கும். தேதியும் நேரமும் ஆண்டுதோறும் அறிவிப்பில் வரும், கிளம்புகிற வாரத்தில் செய்தித்தாளில் பாருங்கள். இந்த ஏற்பாட்டில் உங்களுக்கு ஒரு நன்மையும் இருக்கிறது. ஏறும்போது எதிரே இறங்குகிற கார்க் கூட்டம் இல்லாததால் வளைவுகளில் சீராகப் போகலாம். ஆனால் ஏறுகிற எல்லோரும் குன்னூர் என்ற ஒரே வாய்க்குள் போகிறார்கள். ஒருவழி நாட்களில் குன்னூரைத் தாண்டும் நேரம் இன்னும் முக்கியமாகிறது, குறைவதில்லை.

போனில் இருக்கும் வரைபடம் இதையெல்லாம் எப்போதும் அறிந்திருப்பதில்லை. கோத்தகிரி வழி பச்சையாக இருக்கிறது என்று அந்தப் பக்கம் திருப்பச் சொல்லும், பிரிவில் நிற்கிற போலீஸ்காரர் திருப்பி அனுப்புவார். அவரிடம் வாதாடி நிற்கும் ஒவ்வொரு வண்டியும் பாலத்தின் மேல் ஒரு வரிசையை உண்டாக்குகிறது. வரைபடத்தில் கவனிக்க வேண்டியது வேறு. அது காட்டும் நேரம் இப்போதைய நிலையை வைத்து. காலை எட்டு மணிக்கு அவிநாசியில் நின்று பார்த்தால் மலை முழுக்கப் பச்சையாகத்தான் தெரியும். நீங்கள் குன்னூர் போகும் பத்தரைக்கு அது சிவந்திருக்கும். புறப்படும் நேரத்தை நீங்களே கொடுத்துப் பார்க்கிற வசதி அதில் இருக்கிறது, அடுத்த சனிக்கிழமை காலை ஆறு என்றும் ஒன்பது என்றும் கொடுத்து இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

வரைபடம் காட்டுகிற வேறு சில வழிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காரமடையிலிருந்து முள்ளி, கெத்தை, மஞ்சூர் வழியாக ஒரு சாலை ஊட்டிக்கு வருகிறது. அழகான காடு, ஆனால் நாற்பதுக்கும் மேல் வளைவுகள், யானை நடமாட்டம், முள்ளியில் வனத்துறை செக்போஸ்ட். சுற்றுலா வண்டிகளைத் திருப்பி அனுப்புவார்கள், அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். மைசூர்ப் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு மசினகுடி, கல்லட்டி வழி குறுக்கு வழி. முப்பத்தாறு வளைவுகள், மிகச் செங்குத்து. வெளியூர் வண்டிகள் அதில் ஏறலாம், இறங்க அனுமதியில்லை. பிரேக் பிடிக்காமல் போய் அங்கே நடந்த விபத்துகள் கொஞ்சமல்ல. பந்திப்பூர்க் காட்டுச் சாலை இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை மூடியிருக்கும் என்பதால் அந்தப் பக்கத்துக் கூட்டம் ஆறு மணிக்குக் கேட் திறந்ததும் மொத்தமாகக் கிளம்பி, கூடலூர் வழியாக ஒன்பது, பத்துக்கு ஊட்டிக்குள் வந்து சேரும். நீங்கள் சந்திக்கிற ஊட்டி நெரிசலில் அவர்களும் ஒரு பங்கு.

குன்னூரைச் சுற்றிப் போக ஒரு வழி இருக்கிறது. காட்டேரியிலிருந்து சேலாஸ், கேத்தி பாலாடா வழியாக லவ்டேல் போகும் சாலை. கேரட் தோட்டங்களுக்கு நடுவே போகிறது. குன்னூர், வெல்லிங்டன், அருவங்காடு மூன்றையும் விட்டுவிடலாம் என்பதால் இதை மாற்றுப்பாதையாக அகலப்படுத்தினார்கள். கூட்டம் மீறும்போது போலீஸே வண்டிகளை அந்தப் பக்கம் திருப்பிவிடுவதுண்டு. திருப்பினால் பயப்படாமல் போங்கள். ஆனால் விடிகாலையில் நேர்ச் சாலையே காலியாக இருக்கும்போது இதற்குத் தேவையில்லை.

இ-பாஸை மறந்துவிடாதீர்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இது வந்தது. 2025 சீசனில் அதற்கு மேல் எண்ணிக்கையும் வைத்தார்கள். ஊட்டிக்கு வார நாட்களில் ஒரு நாளைக்கு 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000. விண்ணப்பிக்கும் தளம் epass.tnega.org. தேதி முடிவானதும் அன்றே எடுங்கள், ஸ்கிரீன்ஷாட்டாகப் போனில் வையுங்கள். அரசு பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் இது வேண்டாம். போன மே மாதம் ஒரு சனிக்கிழமை கல்லாறில் என் முன்னால் நின்ற குடும்பம் அங்கேயே பதிவு செய்ய முயன்று, வண்டி எண்ணைத் தவறாக அடித்து, மறுபடி அடித்து இருபது நிமிடம் ஆக்கியது. பின்னால் எங்கள் வரிசை பாலம் வரை போனது. தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக்கில் கொண்டுபோகாதீர்கள். நீலகிரியில் அதற்குத் தடை. ஸ்டீல் பாட்டிலில் வீட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை காலை இப்படித்தான் போகும். ஐந்தரைக்குக் கல்லாறு. ஆறு மணி வாக்கில் பர்லியார், அங்கே டீக்கடையும் கழிப்பறையும் உண்டு, அம்மாவுக்கு அதுதான் நல்ல நிறுத்தம். வண்டியைச் சாலையை விட்டு முழுக்க இறக்கி நிறுத்துங்கள். எட்டு மணிக்கு மேல் பழக்கடை முன்னால் பாதிச் சாலையை அடைத்து நிற்கிற கார்கள்தான் அந்த இடத்தை அடைக்கின்றன. ஜன்னலைத் திறந்து வைக்காதீர்கள், குரங்கு வரும். ஏழுக்குக் குன்னூர். ஏழே முக்கால், எட்டுக்கு ஊட்டி.

எட்டு மணிக்கு ஊட்டி போய் என்ன செய்வது, ரூம் பதினொன்று, பன்னிரண்டுக்குத்தானே தருவார்கள் என்று கேட்பீர்கள். இதனால்தான் பலர் வேண்டுமென்றே தாமதமாக ஏறி மாட்டிக்கொள்கிறார்கள். ஓட்டலுக்கு இன்றே போன் செய்து, எட்டு மணிக்கு வண்டியை நிறுத்திப் பெட்டியை வைக்க மட்டும் இடம் தரச் சொல்லுங்கள், பெரும்பாலும் தருவார்கள். டிபன் சாப்பிட்டுவிட்டு நடந்தே தாவரவியல் பூங்காவுக்குப் போங்கள், சேரிங் கிராஸிலிருந்து ஒரு கிலோமீட்டர்தான். காலை ஏழுக்கே திறந்துவிடுவார்கள். மே மூன்றாவது வாரம் மலர்க் கண்காட்சி நடக்கிற சமயமாக இருக்கலாம். அப்படியென்றால் பத்து மணிக்கு மேல் அங்கே நிற்கவும் இடம் இருக்காது, எட்டரைக்கு நிம்மதியாகப் பார்க்கலாம். பதினொன்றுக்கு நீங்கள் ரூமுக்குத் திரும்பும்போது உங்கள் ஊர்க்காரர்கள் பர்லியாரில் நின்றுகொண்டிருப்பார்கள். அன்று முழுக்க வண்டியை எடுக்காதீர்கள். ஏரிப் பக்கம் போக ஆட்டோ பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒருவேளை ஏதோ தாமதமாகி, வரிசையில் மாட்டிக்கொண்டால் வண்டியைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை. ஏற்றத்தில் முன் வண்டியோடு ஒட்டிக்கொண்டு ஆஃப் கிளட்ச்சில் அங்குலம் அங்குலமாக நகர்ந்தால் அரை மணி நேரத்தில் கிளட்ச் கருகும் வாடை வரும். அதற்குப் பதில் ஹேண்ட் பிரேக் போட்டு நின்று, முன்னால் இரண்டு கார் நீளம் இடைவெளி விழட்டும், பிறகு முதல் கியரில் ஒரே மூச்சில் அந்த இடத்தை நிரப்புங்கள். பின்னால் இருப்பவர் ஹார்ன் அடிப்பார், அடிக்கட்டும். எஞ்சின் வெப்ப முள் ஏறினால் ஏ.சி.யை நிறுத்துங்கள். வரிசையை விட்டு வலப்பக்கம் ஏறி முந்திப் போகிறவரைப் பின்தொடரவே தொடராதீர்கள். எதிரே ஒரு பஸ் வந்ததும் அவரால் இரண்டு பக்கமும் நின்றுபோகும். மலையில் ஒரு மணி நேர நெரிசலை மூன்று மணி நேரம் ஆக்குவது பெரும்பாலும் அப்படி முந்தின ஒரே ஒரு கார்தான், இதை நான் எண்ணற்ற முறை பார்த்திருக்கிறேன்.

ஒருவழி இல்லாத நாட்களில் மேலே அடைப்பு இருப்பதை முன்கூட்டியே அறிய ஒரு அடையாளம் உண்டு. எதிரே இறங்கி வருகிற வண்டிகளைக் கவனியுங்கள். ஐந்து, பத்து நிமிடமாக ஒன்றுமே இறங்கவில்லை என்றால் மேலே சாலை மூடிக் கிடக்கிறது. அப்போது நிறுத்த இடம் உள்ள பர்லியாரிலேயே நின்றுவிடுவது நல்லது, வளைவில் போய் நிற்பதைவிட.

திரும்பும் பயணம்தான் எனக்குக் கவலை. ஞாயிறு இறங்க வேண்டும் என்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை ரூம் காலி செய்கிறவர்கள் பதினொன்றிலிருந்து இறங்கத் தொடங்குவார்கள், ஒரு நாள் பயணிகள் மூன்றரைக்கு மேல் சேர்ந்துகொள்வார்கள். இரவு எட்டு, ஒன்பது வரை கோத்தகிரிச் சாலையும் மேட்டுப்பாளையம் ஊரும் நகராது. கோத்தகிரி வழியில் முதல் அடைப்பு ஊட்டியிலிருந்து சில கிலோமீட்டரிலேயே, தொட்டபெட்டா பிரிவில். சிகரம் பார்க்கப் போகிற வண்டிகளும் இறங்குகிற வண்டிகளும் அங்கே ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும். அந்தப் பிரிவைக் காலை எட்டுக்குள் தாண்டினால் கட்டபெட்டு, கோத்தகிரி, குஞ்சப்பனை எல்லாம் தாராளமாக இருக்கும், பத்து, பத்தரைக்கு மேட்டுப்பாளையம் வந்துவிடலாம். ஆகவே ஞாயிறு என்றால் காலை ஏழரைக்கு ஓட்டலை விட்டுக் கிளம்புங்கள். சென்னைக்கு இரவு எட்டு, ஒன்பதுக்குப் போய்விடலாம்.

அதற்கு மனம் வரவில்லை, ஞாயிறும் சுற்ற வேண்டும் என்றால் திங்கள் ஒரு நாள் விடுப்பு எடுத்து, திங்கள் காலை இதே நேரத்தில் இறங்குங்கள். ஞாயிறு மதியம் இரண்டு மணிக்குக் கிளம்பி இரவோடு இரவாகச் சென்னை போவது என்ற மூன்றாவது வழியை மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மலையிலேயே நாலைந்து மணி நேரம் பிரேக்கில் கால் வைத்து நின்றுவிட்டு, பிறகு இரவு முழுக்க ஐந்நூறு கிலோமீட்டர் என்பது உடம்புக்குத் தாங்காது.

இறங்கும்போது எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள், இரண்டாவது கியர் பெரும்பாலும் சரியாக இருக்கும். ஏறுகிற வண்டிக்கு வழி விடுங்கள். பிரேக் கருகும் வாடை வந்தாலோ, பெடல் வழக்கத்தைவிட உள்ளே போனாலோ, ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் ஆற விடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடான டிஸ்க் கோணிவிடும்.

மேட்டுப்பாளையத்துக்கு வந்த பிறகு கோவை, அன்னூர் சாலைகள் கூட்டமாக இருந்தால் சிறுமுகை வழியாகச் சத்தியமங்கலம் சாலையைப் பிடியுங்கள். சத்தி, கோபி, கவுந்தப்பாடி வழியாகப் பவானி போய் அங்கே சேலம் நெடுஞ்சாலையில் ஏறிக்கொள்ளலாம். கொஞ்சம் நேரம் கூடும், ஆனால் வண்டி நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். வழியில் ஊர்களும் கடைகளும் இருப்பதால் அம்மாவுக்கும் குழந்தைக்கும் நிறுத்துவது சுலபம்.

இன்னும் ரூமை மாற்ற முடியுமென்றால் ஒன்று சொல்வேன். சேரிங் கிராஸில் அல்லாமல் கோத்தகிரியிலோ குன்னூரிலோ தங்கிப் பாருங்கள். அதே குளிர், அதே தேயிலைத் தோட்டம். ஊட்டியைச் சனிக்கிழமை விடிகாலையில் ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு மதியத்துக்குள் திரும்பிவிடலாம். கோத்தகிரியில் தங்கினால் ஞாயிறு இறங்கும்போது தொட்டபெட்டா பிரிவே உங்கள் வழியில் வராது. காலை டிபன் சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்குக் கிளம்பினாலும் பத்தரைக்குள் கீழே இருப்பீர்கள்.